மூன்றாவது ஓலை

ஜோசபினை அழகி என்று முதன்முதலில் சொன்னவன் தாஸ்தான். அதற்கு முன் அவளுக்கு இருபத்து மூன்று வயது முடிந்திருந்தது; அந்த இருபத்து மூன்று வருஷத்திலும் யாரும் அப்படிச் சொல்லவில்லை. கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளி வீட்டில் பிறந்தவள். நிறம் கறுப்பு, கழுத்து நீளம், பல் வரிசை நன்றாக இருக்கும் என்பதோடு ஊர் நிறுத்திக்கொண்டது. படிப்பு வந்தது, இங்கிலீஷ் வந்தது. இன்டர்மீடியட் முடித்துவிட்டுப் பெங்களூருக்கு வந்து, பிரேசர் டவுனில் சின்னம்மா மேரி வீட்டில் தங்கி, டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டிரங்க் ஆபரேட்டர் ஆனாள். அந்த வேலையில் முப்பத்திரண்டு வருஷம் இருந்தாள். இது அதில் நான்காவது வருஷத்துக் கதை, 1957. கிழவியான பிறகும் இதைச் சொல்லும்போது பாதியில் சிரிப்பு வந்து, தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மீதியைச் சொல்வாள்.

தாஸ் கன்டோன்மென்ட் ஸ்டேஷன் கூட்ஸ் ஆபீசில் குமாஸ்தா. ஞாயிற்றுக்கிழமை ஹாக்கி ஆடுவான். மாதா கோயிலில் பாட்டுக் குழுவில் முதல் வரிசையில் நிற்பான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வரும்போது, செருப்பைத் தேடிக்கொண்டிருந்த ஜோசபினிடம் வந்து, கொஞ்சமும் கூச்சமில்லாமல் சொன்னான்: "உங்க கழுத்தைப் பாத்துக்கிட்டே இருந்தேன். நாலு பாட்டுல மூணு பாட்டு தப்பாப் பாடிட்டேன்."

அன்றைக்கு ஜோசபின் ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்துவிட்டாள். இன்னொன்று கையில் இருந்தது சின்னம்மா காட்டிய பிறகுதான் தெரிந்தது.

அதற்குப் பிறகு எல்லாம் ஓட்டமாக ஓடியது. தாஸின் அம்மா வந்து பேசினாள், சின்னம்மா ஒத்துக்கொண்டாள், தங்கவயலிலிருந்து அப்பா வந்து மாப்பிள்ளையைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு ராத்திரி ரயிலிலேயே திரும்பினார். சனிக்கிழமை சாயங்காலம் கோல்ஸ் பார்க்கில் இருவரும் ஒரு மணி நேரம் பேசலாம் என்று சின்னம்மா அனுமதி கொடுத்தாள். பேசலாம் என்றுதான் அனுமதி. ஆனால் அங்கே நடந்தது பெரும்பாலும் புகழ்ச்சி. வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரிக்கும் முன்பே தாஸ் ஆரம்பித்துவிடுவான். கண் மை இன்றைக்கு ஒரு மாதிரி இழுத்திருக்கிறது. நீலப் புடவையில் கழுத்து இன்னும் நீளம். நடந்து வரும்போது பார்க்கில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். பொய் சொல்கிறவன் இல்லை அவன். அதனால்தான் போதை அதிகம். ஜோசபின் வீட்டுக்குத் திரும்பும்போது கால் தரையில் படாது. மாஸ்க் ரோட்டில் இரண்டு தடவை சைக்கிளில் மோதப் பார்த்தாள். காலையில் எக்ஸ்சேஞ்சுக்குக் கிளம்ப அவளுக்கு முன்பெல்லாம் கால் மணி நேரம் போதும். இப்போது முக்கால் மணி நேரம் ஆயிற்று. சின்னம்மா கண்ணாடியைச் சுவரிலிருந்து கழற்றி அவள் படுக்கைப் பக்கத்தில் மாட்டிவிட்டாள், மற்றவர்களும் முகம் கழுவ இடம் வேண்டும் என்று.

எக்ஸ்சேஞ்சில் பக்கத்து நாற்காலியில் சரளா. ஸ்ரீராம்புரத்துப் பெண், வாய் ஓயாது. இருவரும் காதில் ஹெட்போனும் மார்பில் பேசும் குழலுமாக உட்கார்ந்திருப்பார்கள். எதிரே பலகை நிறையச் சின்னச் சின்ன விளக்குகள். விளக்கு எரிந்தால் கயிற்றின் முனையைச் சொருகி, "டிரங்க்ஸ்" என்று சொல்ல வேண்டும். எந்த ஊர், எந்த நம்பர், சாதாரணமா, அவசரமா, பேர் சொல்லிக் கூப்பிட வேண்டுமா என்று கேட்டுச் சீட்டில் எழுத வேண்டும். லைன் கிடைத்ததும் இரண்டு பக்கத்தையும் சேர்த்துவிட்டு நேரம் குறிக்க வேண்டும். மூன்று நிமிஷம் ஆனதும் நடுவே புகுந்து கேட்க வேண்டும். பேச்சை ஒட்டுக்கேட்கக் கூடாது. ஆனால் பேச்சு நடக்கிறதா, லைன் அறுந்துவிட்டதா என்று அவ்வப்போது உள்ளே போய்ப் பார்க்கத்தான் வேண்டும். இந்த இரண்டு விதிக்கும் நடுவே உலகத்தில் பாதி ரகசியம் இருந்தது.

ஜோசபினுக்கு அந்த வேலை பிடிக்கும். பிடிக்கும் என்றால் சாதாரணமாக இல்லை. மழை நாளில் சேலம் பக்கம் லைன் கொரகொரக்கும்போது, மைசூர் வழியா, மெட்ராஸ் வழியா என்று மனசுக்குள் வரைபடம் விரித்து, ஏதாவது ஒரு மூலையில் ஒரு கம்பியைப் பிடித்துச் சாவுச் செய்தியையோ பிள்ளை பிறந்த செய்தியையோ கொண்டுபோய்ச் சேர்ப்பதில் அவளுக்கு ஒரு கெட்டிக்காரத்தனம் இருந்தது. கோயம்புத்தூர் எக்ஸ்சேஞ்சில் அலர்மேல்மங்கை என்று ஓர் ஆபரேட்டர். முகம் பார்த்ததில்லை. ஆனால் அவள் இருமலை வைத்தே அங்கே மழையா வெயிலா என்று ஜோசபின் சொல்லிவிடுவாள்.

இதையெல்லாம் அவள் தாஸிடம் சொல்லத்தான் பார்த்தாள். முதல் மாதத்தில் நிறையச் சொன்னாள். ஒரு தடவை, பிரசவத்துக்கு டாக்டரைத் தேடி மூன்று ஊருக்கு லைன் போட்ட கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். தாஸ் கண் எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தான். டாக்டர் கிடைத்தார் என்ற இடத்தில் அவள் நிறுத்தி, அவன் முகத்தைப் பார்த்தாள். "நீ கையை ஆட்டிப் பேசறப்ப அந்த வளையல் சத்தம் இருக்கே" என்றான் அவன்.

பிள்ளை பிழைத்ததா என்று அவன் கேட்கவில்லை.

இதில் கோபப்பட இடமில்லை என்பதுதான் தொல்லை. திட்டியிருந்தால் சண்டை போடலாம். கொட்டாவி விட்டிருந்தால் முறைக்கலாம். புகழ்ந்தவனிடம் என்னவென்று சண்டை போடுவது? அவள் சிரித்து, வளையலைத் தள்ளிவிட்டுக்கொண்டாள். அடுத்த வாரம் கதையைச் சுருக்கினாள். அதற்கடுத்த வாரம் இன்னும் சுருக்கினாள். நான்காவது மாதத்தில் எக்ஸ்சேஞ்ச் எப்படி என்று அவளே கேள்வி கேட்டு, நல்லாத்தான் இருக்கு என்று அவளே பதிலும் சொல்லி முடித்துக்கொண்டாள். அவளுக்கோ கூட்ஸ் ஆபீசில் எந்த வேகன் எங்கே நிற்கிறது, ஹாக்கியில் ரைட் அவுட் ஆட்டக்காரனுக்கு முழங்கால் எப்போது வீங்கியது என்பதுவரை தெரியும். கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டது.

மெட்ராசில் மூன்று வாரம் சூப்பர்வைசர் பயிற்சிக்கு அவள் பெயர் வந்திருந்தது. பெங்களூரிலிருந்து இரண்டே பேர். அதைச் சொன்னபோது தாஸ் நிஜமாகவே கவலைப்பட்டான். "மெட்ராஸ் வெயில்ல கறுத்துடுவியே ஜோசி. கல்யாணத்துக்கு அப்பறம் இந்த வேலையே எதுக்கு? கண்ணுக்குக் கீழ இப்பவே லேசா வாடியிருக்கு."

சரளாவிடம் இதைச் சொன்னதுதான் தப்பாகப் போயிற்று. அல்லது சரியாகப் போயிற்று. சரளா உடனே ஒரு பரீட்சை வைத்தாள். அடுத்த சனிக்கிழமை வாயில் வந்த பொய்யைச் சொல்ல வேண்டும், அவன் என்ன கேட்கிறான் என்று பார்க்க வேண்டும்.

சொன்னாள். பார்க் பெஞ்சில் உட்கார்ந்து, முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு, "நேத்து போர்டு மேல ஒரு கொரங்கு ஏறி உக்காந்து டில்லிக்கு லைன் குடுத்துருச்சுங்க" என்றாள்.

"அப்படியா?" என்றான் தாஸ். "இந்தத் தோடு புதுசா?"

திங்கட்கிழமை இதைக் கேட்டுச் சரளா சிரித்த சிரிப்பில் ஹூப்ளிக்குப் பேச வேண்டியவர் பெல்காமுக்குப் பேசிவிட்டார். ஜோசபினும் சிரித்தாள். வயிறு வலிக்கச் சிரித்தாள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்தபோது மை கலைந்திருந்தது. அதைச் சரிசெய்யக் கைக்கண்ணாடியை எடுத்தவள், ஏனோ எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டாள்.

ஆனாலும் கல்யாணம் நிற்கவில்லை. ஏன் நிற்க வேண்டும்? பையன் குடிப்பதில்லை, சம்பளம் இருக்கிறது, கண்ணில் வைத்துப் பார்க்கிறான். கோயிலில் ஓலை வாசிக்க ஆரம்பித்தாகிவிட்டது. இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் நடக்க இருக்கிறது, தடை ஏதாவது அறிந்தவர்கள் சாமியாரிடம் தெரிவிக்க வேண்டும் என்று மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் வாசிப்பார்கள். முதல் ஓலை வாசித்தபோது தாஸ் பாட்டுக் குழுவிலிருந்து திரும்பிக் கண்ணடித்தான். இரண்டாவது ஓலைக்கு ஜோசபின் புது ரவிக்கை போட்டிருந்தாள். மூன்றாவது வாசித்துவிட்டால் மறு புதன்கிழமை தாலி.

இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே ஒரு வியாழக்கிழமை வந்தது.

அன்று மத்தியானம் விளக்கு எரிந்தது. ஜோசபின் சொருகி, "டிரங்க்ஸ்" என்றாள்.

"கோயம்புத்தூர் வேணும்மா" என்றான் தாஸ்.

முதல் எழுத்திலேயே தெரிந்துவிட்டது. தெரு முனை மருந்துக் கடை போனிலிருந்து பேசுகிறான். கடைக்காரரின் கல்லுரல் சத்தம்கூடக் கேட்டது. ஜோசபினுக்கு நெஞ்சு எகிறியது. நூறு கயிறு இருக்கிற பலகையில் அவன் விளக்கு தன் கையில் வந்து விழுந்திருக்கிறதே என்று ஒரே கொண்டாட்டம். சரளாவைக் காலால் உதைத்து வாயசைவில் "அவரு" என்று சொன்னாள். இப்போது கண்டுபிடித்துவிடுவான், இதோ கண்டுபிடித்துவிடுவான் என்று காத்திருந்தாள்.

நம்பர் கேட்டாள். சொன்னான். அவன் அண்ணன் மில்லில் வேலை, ஆளைக் கூப்பிட்டுவிட வேண்டும், அதனால் பேர் சொல்லிக் கூப்பிடும் கால். அண்ணன் பெயர் கேட்டாள், முனிராஜ். உங்க பெயர் என்றாள், தாஸ் என்றான். ஆபீஸ் குரலை விட்டுவிட்டு, கோல்ஸ் பார்க்கில் பேசுகிற அதே குரலில், "சரிங்க, கொஞ்சம் நேரம் ஆகும், பரவால்லீங்களா?" என்று கேட்டாள்.

"சீக்கிரம் பாரும்மா" என்றான்.

சரளா தன் ஹெட்போனை ஒரு காதிலிருந்து விலக்கி, விஷயம் என்ன என்று புருவத்தால் கேட்டாள். ஜோசபின் தோளைக் குலுக்கினாள்.

லைன் எளிதில் கிடைக்கவில்லை. கோயம்புத்தூர் போகிற கம்பிகளில் அவசரக் கால்கள் வரிசையாக நின்றன. ஜோசபின் ஒன்றே முக்கால் மணி நேரம் போராடினாள். அலர்மேல்மங்கையைக் கெஞ்சி, மில் வாசல் காவல்காரனைப் பிடித்து, ஷெட்டுக்குள் ஆள் அனுப்பி, முனிராஜை மூச்சு வாங்க ஓடி வரவைத்தாள். பிறகு தாஸை அழைத்தாள். "கோயம்புத்தூர் லைன்ல இருக்காங்க, பேசுங்க." அவள் குரல் அவன் காதில் விழுவது இது மூன்றாவது தடவை. அவன் "ஹலோ அண்ணே" என்றான்.

லைன் அறுந்துவிடவில்லையே என்று உள்ளே போய்ப் பார்த்தாள். விதிப்படிதான் போனாள். அண்ணன் அங்கே பொண்ணு எப்படிடா என்று கேட்டிருக்க வேண்டும், ஏனென்றால் தாஸ் மழையாகப் பொழிந்துகொண்டிருந்தான். கழுத்து வந்தது, கண் வந்தது, நடை வந்தது. ஜோசபினுக்குக் காது சூடாயிற்று. அண்ணன், வேலைக்குப் போகுதாமே, என்ன வேலை என்று கேட்டார்.

"ஏதோ போன் ஆபீஸ்லண்ணே. ஹலோ ஹலோன்னு சொல்றதுதான். அத விடுங்க, நீங்க நேர்ல பாக்கணும்."

கடிகாரத்தில் மூன்று நிமிஷம் ஆகியிருந்தது. ஜோசபின் உள்ளே புகுந்தாள். "மூணு நிமிஷம் ஆச்சு. நீட்டிக்கட்டுங்களா?"

"நீட்டிக்கம்மா, நீட்டிக்க" என்றான் தாஸ். நான்காவது தடவை.

அவள் நீட்டினாள். நேரம் குறித்தாள். கால் முடிந்து கயிற்றை உருவியபோதுதான் சரளா பக்கம் திரும்பினாள். ஒரு டிரங்க் கால் முழுக்க, தன் பெயரைக் கேட்ட குரல் யாருடையது என்று அவனுக்குத் தெரியவில்லை. எட்டு மாதமாகப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன்.

"லைன் சரியில்லாம இருந்திருக்கும்டி" என்றாள் சரளா. அவளே ஆறுதல் சொல்ல ஆரம்பித்துவிட்டாள் என்றால் விஷயம் பெரிது.

"லைன் கண்ணாடி மாதிரி இருந்துச்சு" என்றாள் ஜோசபின்.

சனிக்கிழமை பார்க்கில் தாஸ் தானாகவே அந்தப் பேச்சை எடுத்தான். கோயம்புத்தூருக்கு ஒரு கால் போட்டதையும், எவளோ ஒரு ஆபரேட்டர் இரண்டு மணி நேரம் பேஜார் பண்ணிக் காக்க வைத்ததையும், நடுவே நடுவே வந்து மூக்கை நுழைத்ததையும் சொன்னான்.

"குரல் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள் அவள்.

"குரலா? போன்ல வர்ற குரல்தான். அதை யாரு கவனிச்சா?"

"அது நான்தாங்க."

தாஸ் அவளைப் பார்த்தான். ஒரு நொடி அவன் முகத்தில் ஏதோ வந்தது. ஒரே ஒரு கேள்வி போதும் என்று அவளுக்கு இருந்தது. எப்படிக் கிடைத்தது லைன் என்று கேட்டாலும் போதும், ஏன் சொல்லவில்லை என்று கேட்டாலும் போதும். தாஸ் முகம் மலரச் சிரித்தான்.

"கோவம் வந்தா உன் மூக்கு நுனி எப்படி சிவக்குது பாரு. இதுக்கே உன்னை தினமும் கோவப்படுத்தலாம் போல."

அவள் எழுந்தாள். சின்னம்மா வீட்டுக்குப் போகவில்லை. நேராகக் கோயிலுக்குப் போய், சாமியார் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

பங்குச் சாமியார் சாயங்காலத் தேநீரோடு உட்கார்ந்திருந்தார். "ஆட்சேபனை சொல்ல வந்திருக்கேன் சாமி" என்றாள்.

"யார் ஓலைக்கும்மா?"

"என்னோடதுக்குத்தான்."

அவர் பதினெட்டு வருஷமாக ஓலை வாசிப்பவர். தூரத்து உறவு என்று தடை சொன்னவர்கள் உண்டு, ஏற்கனவே பெண்டாட்டி இருக்கிறாள் என்று ஓடி வந்தவர்கள் உண்டு. பெண்ணே வந்து தன் ஓலைக்குத் தடை சொன்னது இதுதான் முதல். கப்பைக் கீழே வைத்துவிட்டு முறையாக விசாரித்தார். இரத்த உறவா? இல்லை. வேறு கல்யாணம் ஆனவனா? இல்லை. குடியா, அடியா? இல்லை சாமி, இல்லை.

"அப்ப என்னதான்மா செய்யறான்?"

"கேக்க மாட்டேங்கறார் சாமி."

"எதை?"

"எதையுமே."

அவள் கோயம்புத்தூர்க் காலைப் பற்றிச் சொன்னாள். சாமியார் புருவத்தைச் சுருக்கிக் கேட்டுக்கொண்டிருந்தார். அவள் நிறுத்தியதும், அவருக்கு எங்கேயோ மாட்டிக்கொண்டிருந்த ஒரு விஷயத்தை வெளியே எடுத்தார். "இரும்மா. கோயம்புத்தூருக்கு நேரா கம்பி இருக்கறப்ப, எதுக்கு ரெண்டு மணி நேரம் ஆகணும்?"

ஜோசபின் பதில் சொன்னாள். ஒரு கம்பியில் ஒரு பேச்சுதான் போகும், அவசரக் கால் முன்னால் போகும், மின்னல் கால் எல்லாவற்றுக்கும் முன்னால் போகும் என்றாள். மின்னல் கால் யார் போடுவார்கள் என்று அவர் கேட்டார். சொன்னாள். நேர்க் கம்பி கிடைக்காவிட்டால்? சுற்றுவழி. எந்த வழி என்று யார் முடிவு பண்ணுவது? நான்தான் சாமி. ரோமாபுரிக்குப் பேச முடியுமா? முடியும், ஆனால் முதலில் பம்பாய். மழை வந்தால்? அங்கேதான் அவள் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். சேலத்து மழையையும் அலர்மேல்மங்கை இருமலையும், மூன்று ஊர் சுற்றி டாக்டரைப் பிடித்த ராத்திரியையும் சொன்னாள்.

"பிள்ளை பிழைச்சுதா?" என்றார் சாமியார்.

"பிழைச்சுது சாமி. பொம்பளப் பிள்ளை."

சமையல்காரர் இரண்டு தடவை வந்து தேநீர் ஆறிவிட்டதைச் சொல்லிவிட்டுப் போனார். ஜோசபின் பேசி முடித்தபோது மூச்சு வாங்கியது. சுவரில் கடிகாரத்தைப் பார்த்தாள். முக்கால் மணி நேரம். அவளுக்குத் தலை கிறுகிறுத்தது. அந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தபோது கிறுகிறுத்ததே, அதே மாதிரி. அன்றைக்கு அது புகழ்ச்சியால் வந்தது என்று நினைத்திருந்தாள். இது வெறும் கேள்விகளால் வந்திருந்தது. இதற்குக் கண்ணாடியே தேவைப்படவில்லை.

"நீ சொன்னது ஓலையைத் தடுக்கற காரணத்துல வராதும்மா" என்றார் சாமியார், அவள் எழுந்தபோது. "ஆனா பொண்ணுக்குச் சம்மதம் இல்லேன்னா ஓலையே கிடையாது. நாளைக்கு வாசிக்கட்டுமா, வேணாமா?"

"வேணாம் சாமி."

மறுநாள் மூன்றாவது ஓலை வாசிக்கப்படவில்லை. பூசை முடிந்ததும் வாசலில் ஒரே சலசலப்பு. சின்னம்மா மேரி யார் முகத்தையும் பார்க்காமல் ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தாள். தாஸ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். நிஜமாகவே நொந்துபோயிருந்தான்.

"நான் என்ன தப்பு பண்ணேன் ஜோசி? உன்னை ஒரு வார்த்தை குறைச்சு சொல்லியிருப்பேனா?"

"குறைச்சு சொல்லலைங்க" என்றாள் அவள். கெட்டவன் இல்லை என்று அவளுக்குத் தெரியும். அதனால் கடைசியாக ஒரு தடவை வழி விட்டாள். "என்னைப் பத்தி எதையாவது கேளுங்க. உங்களுக்குத் தெரியாத ஒண்ணு."

தாஸ் யோசித்தான். பாவம், ஹாக்கியில் பெனால்டி அடிக்கும் முன் யோசிப்பதைப் போல நெற்றியைச் சுருக்கி யோசித்தான். "சரி. வேலை எப்படி இருக்கு?"

"வியாழக்கெழமை ஒரு காலுக்கு லைனே கெடைக்கலைங்க. அப்பறம் கோயம்புத்தூர்ல இருக்கற அலர்மேல்மங்கைகிட்ட..."

தாஸின் கண் அவள் நெற்றிக்குப் போயிற்று. அங்கே ஒரு வேர்வை முத்து. "வெயில்ல நிக்காத, இப்படி நிழலுக்கு வா. முகம் கறுத்துடும்."

ஜோசபினுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. முக்காட்டை வாயில் வைத்துக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். கோயில் வாசலே திரும்பிப் பார்த்தது. தாஸுக்கும் என்னவென்று தெரியாமல் சிரிப்பு தொற்றிக்கொண்டது. இரண்டு பேரும் வெயிலில் நின்று சிரித்தார்கள். அவன் எதற்குச் சிரிக்கிறோம் என்று கேட்கவில்லை. அவள் சிரித்து முடித்து, "போய்ட்டு வரேங்க" என்று கும்பிட்டுவிட்டு, வெயில் பக்கமாகவே நடந்தாள். அடுத்த வருஷம் அவன் சந்தாபுராவில் ஒரு பெண்ணைக் கட்டினான். மூக்கும் முழியுமாக இருப்பாள் என்று கேள்வி. ஜோசபின் சொல்லி அனுப்பிய வாழ்த்து போய்ச் சேர்ந்ததாம்.

சின்னம்மா மூன்று நாள் பேசவில்லை. நான்காவது நாள் கண்ணாடியைத் திரும்பக் கூடத்துச் சுவரில் மாட்டினாள்.

ஓலை வாசிக்காத அந்த ஞாயிற்றுக்கு மறுநாள், திங்கட்கிழமை காலை, கால் மணி நேரத்தில் தலை வாரிப் புடவை கட்டிக்கொண்டு ஜோசபின் எக்ஸ்சேஞ்சுக்குப் போனாள். மெட்ராஸ் பயிற்சிக்கு வருகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். சரளா இன்னும் வரவில்லை. ஹெட்போனை மாட்டினாள். பலகை முழுக்க விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. முதல் கால் கோயம்புத்தூருக்கு.

"பெங்களூர் பேசறேன்" என்றாள்.

அந்தப் பக்கம் ஒரு இருமல். வெயில்தான் போலிருக்கிறது. முகம் பார்த்தறியாத அலர்மேல்மங்கைதான்.

"ஏனுங் ஜோசபின், குரல் வேற மாதிரி இருக்குதே. என்ன ஆச்சுங்?"

"சொல்றேன்" என்றாள் ஜோசபின். "நெறைய இருக்கு. மொதல்ல லைனைக் குடுங்க."